மூன்றாம் வரியின் கழித்தல் குறி

ஆறு மணி நேரத்துக்கு நாற்பது விடைத்தாள்கள். ஒரு தாளுக்கு ஒன்பது நிமிடம். திருத்தும் முகாமின் விதி அது. டீ குடிப்பது, பேனா மை தீர்ந்து வேறு பேனா கடன் வாங்குவது எல்லாம் அந்த ஒன்பதுக்குள்தான் வர வேண்டும்.

முகாம் ஒரு கல்லூரியின் உள்விளையாட்டு அரங்கில் நடந்தது. பேட்மிண்டன் கோடுகளின்மேல் மேசைகளைப் போட்டிருந்தார்கள். என் நாற்காலியின் பின்கால் இரண்டும் வெள்ளைக் கோட்டுக்கு வெளியே நின்றன.

"பூனை, நீ அவுட்டு" என்றாள் தராசு.

அவள் எனக்கு இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தாள். முதுகலையில் என்னோடு படித்தவள். இப்போது இருவரும் ஒரே கல்லூரியில் ஒப்பந்த விரிவுரையாளர்கள். பெண்கள் விடுதியில் ஒரே அறை. நான் சத்தம் போடாமல் நடப்பதால் பூனை. அவள் தராசு, ஏனென்றால் அவள் கையில் எந்தக் கணக்கைக் கொடுத்தாலும் ஒரு தசம இடம்கூடத் தப்பாது. கடைக்காரர்கள் அவளுக்குச் சில்லறை எண்ணிக் கொடுக்கும்போது இரண்டு முறை எண்ணுவார்கள்.

எண்ணியல் முறைகள் தாள். எங்களுக்கு நடுவில் ஒரு நடுவயது விரிவுரையாளர். அவருக்குக் கடைசி வரிக்காரர் என்று பெயர். விடையின் கடைசி வரியை மட்டும் பார்ப்பார், சரியாக இருந்தால் முழு மதிப்பெண், இல்லையென்றால் பாதி. பதினோரு மணிக்கே இருபது தாள் முடித்துவிட்டு காதுக்குள் பேனா மூடியை விட்டுத் திருகிக்கொண்டிருப்பார்.

"என்னம்மா, கால்குலேட்டரைப் போட்டு இந்தத் தட்டு தட்டுறே. அதுக்கு வலிக்காதா?" என்று என்னைக் கேட்டார்.

நான் சிரித்தேன். மறுபடி தட்டினேன்.

பதினோராவது கேள்விதான் நேரத்தை விழுங்கியது. x³ − 5x − 7 = 0 என்ற சமன்பாட்டின் மூலத்தை, மூன்றில் தொடங்கி, நியூட்டன் முறையில் மூன்று தசம இடம் சரியாகக் காண்க. எட்டு மதிப்பெண். சூத்திரமும் வகைக்கெழுவும் எழுதினால் இரண்டு. அட்டவணையின் மூன்று வரிகளுக்கு ஒவ்வொன்று. எப்போது நிறுத்துவது என்ற நிபந்தனையைச் சொல்லி, அதைச் சோதித்துக் காட்டினால் இரண்டு. கடைசி விடைக்கு ஒன்று.

இந்த மாதிரி அட்டவணையைத் திருத்த ஒரே வழிதான் உண்டு. வரிவரியாக மாணவரோடு கூடவே நடக்க வேண்டும். அவர் எழுதிய x மதிப்பைக் கால்குலேட்டரில் போட்டு, சார்பின் மதிப்பைக் கண்டு, வகைக்கெழுவால் வகுத்து, x-இலிருந்து கழித்து, அடுத்த x அவர் எழுதியதுதானா என்று பார்க்க வேண்டும். ஒரு வரியில் தவறியிருந்தால் அந்த வரிக்கு மட்டும் மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டு, அடுத்த வரியை அவருடைய தவறான மதிப்பிலிருந்தே சரிபார்க்க வேண்டும். ஒரு தவறுக்கு இரண்டு தடவை தண்டனை கிடையாது.

சரியான வழியில் போனால் மூன்று, 2.7727, 2.7476, 2.7473. கடைசி இரண்டுக்கும் வித்தியாசம் 0.0003. அது 0.0005-ஐவிடச் சிறியது. அங்கே நிறுத்தலாம். விடை 2.747.

ஏழாவது தாளில் இரண்டாம் வரி தவறியிருந்தது. 2.7727-இல் சார்பின் மதிப்பு 0.4526. அந்தத் தாளில் 0.5426 என்று இருந்தது. இலக்கங்கள் இடம் மாறியிருந்தன. அதனால் அடுத்த மதிப்பு 2.7476-க்குப் பதில் 2.7427. ஆனாலும் நியூட்டன் முறை பெருந்தன்மையானது. வழியில் தடுக்கி விழுந்தாலும், விழுந்த இடத்திலிருந்தே மூலத்தை நோக்கி இழுத்துக்கொள்ளும். 2.7427-இலிருந்து 2.7474, அதிலிருந்து 2.7473. ஒரு வரி அதிகம், விடை அதே 2.747.

நான் 0.5426-ஐச் சிவப்பில் அடிக்கோடிட்டேன். சிரிப்பு வந்தது. மூன்று மாதத்துக்கு முன்னால் நானும் இதே இடத்தில், இதே இரண்டு இலக்கங்களை மாற்றி எழுதியிருந்தேன். என்னைப் போல ஒரு கண், என்னைப் போல ஓர் அவசரம். எட்டுக்கு ஏழு போட்டேன். கொஞ்சம் பாசத்தோடு போட்டேன் என்றே சொல்லலாம்.

ஒன்பதாவது தாள் என்னை நிமிர்ந்து உட்காரவைத்தது. மூன்று வரிகளும் சுத்தம். நிபந்தனையும் இருந்தது. அதோடு விடாமல் அந்தக் கை இரண்டு கணக்குகளைக் கூடுதலாகப் போட்டிருந்தது. 2.7465-இல் சார்பு எதிர்மம், 2.7475-இல் நேர்மம், ஆகவே மூலம் இவற்றுக்கு நடுவில்தான், ஆகவே 2.747 என்பது உறுதி. யாரும் கேட்காத சோதனை. அடுத்தடுத்த இரண்டு மதிப்புகள் நெருங்கிவிட்டன என்பதை மட்டும் நம்பாமல், மூலத்தையே இரண்டு பக்கமும் பிடித்துப் பார்த்த கை. எட்டுக்கு எட்டு. கூடுதலாகக் கொடுக்க இடம் இல்லை.

பன்னிரண்டாவது தாளில் மறுபடியும் 0.5426.

இந்த முறை சிரிப்பு வரவில்லை. கீழே பார்த்தேன். நான்காவது வரிக்குப் பிறகு ஒரு வாக்கியம் இருந்தது: "இனி வரும் மாற்றம் மூன்றாம் தசமத்தைத் தொடாது, நிறுத்து."

பாடப்புத்தகத்தில் அப்படி ஒரு வாக்கியம் கிடையாது. விடைக்குறிப்பிலும் கிடையாது. அது என்னுடைய வாக்கியம்.

இந்தக் கேள்வியை அமைத்தவளே நான்தான்.

பெரியவர்கள் எல்லாரும் கையை விரித்துவிட்டதால் வினாத்தாள் அமைக்கும் வேலை அந்த முறை எனக்கு வந்தது. அமைப்பவர் ஒருவர், சரிபார்ப்பவர் ஒருவர். இருவர் பெயரும் தேர்வுத்துறையில் மூடிய உறைக்குள் இருக்கும். சரிபார்ப்பவள் தராசு. இருவரும் ரகசியம் காப்போம் என்று கையெழுத்துப் போட்டோம். அந்தத் தேர்வை எழுதும் உறவினர் யாரும் எங்களுக்கு இல்லை என்றும் கையெழுத்துப் போட்டோம்.

வினாக்களோடு விடைக்குறிப்பும் எழுதிய என்னுடைய முதல் கைப்படியில்தான் 0.5426 இருந்தது. அதைத் தராசிடம் கொடுத்தேன். இரண்டு நாள் வைத்திருந்து, ஒவ்வொரு கேள்விக்கு எதிரேயும் டிக் போட்டு, "கண்ல விளக்கெண்ணெய் விட்டுப் பார்த்துட்டேன். எல்லாம் சரி. மூடி ஒப்படைச்சிடு" என்றாள். ஒப்படைக்கும் நாளில் எனக்கு என்னவோ போல இருந்தது. இன்னொரு முறை போட்டுப் பார்த்தேன். தவறு அகப்பட்டது. இரண்டாம் வரியைத் திருத்தினேன். நான்கு வரி மூன்று வரியாயிற்று. அந்த வாக்கியத்தையும் எடுத்துவிட்டேன், மாற்றம் சின்னதாக இருப்பதாலேயே தசமம் மாறாது என்று அடித்துச் சொல்வது கறாராகப் பார்த்தால் சரியில்லை. புதுப் படி எழுதினேன். பழைய படியைத் துண்டு துண்டாகக் கிழித்து, விடுதிக் குழாயடியில் நனைத்துக் கூழாக்கிக் குப்பையில் போட்டேன்.

தராசிடம் சொல்லவில்லை. அவள் கண்ணிலும் படாத தவறு ஒன்று என்னிடம் அகப்பட்டது என்று எப்படிச் சொல்வது? அவளுக்குச் சங்கடமாக இருக்கும் என்று நினைத்தேன்.

ஆக, 0.5426 இந்த உலகத்தில் ஒரே ஒரு தாளில்தான் இருந்தது. அந்தத் தாள் இரண்டு பேர் கையைத்தான் தொட்டது. அச்சுக்குப் போனது வேறு படி. தேர்வுத்துறைக்குப் போனதும் வேறு படி.

பதினைந்தாவது தாளிலும் இருந்தது. பதினாறிலும். இருபதுக்குள் ஐந்து. ஐந்திலும் அதே வாக்கியம், ஏழாவதில் நான் அதைப் படிக்காமல் தாண்டியிருந்தேன், ஒன்றில் மட்டும் "தொடாது" என்பது "தொடராது" ஆகியிருந்தது.

காலையில் நடந்தது ஒன்று அப்போதுதான் ஞாபகம் வந்தது. தலைமைத் தேர்வாளர் விடைக்குறிப்பைக் கொடுத்தபோது தராசு நேராகப் பதினோராவது கேள்விக்குப் போனாள். பக்கத்தைத் திருப்பினாள். மறுபடி இந்தப் பக்கம் திருப்பினாள்.

"மூணே வரியா?" என்று கேட்டாள். யாரிடமும் இல்லை, தாளிடம்.

அப்போது நான் அதை ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. தவறு தெரிந்துவிட்டது போல, ராத்திரி கிண்டல் பண்ணப்போகிறாள் என்றுதான் நினைத்தேன்.

டீ நேரத்தில் எல்லாரும் வாசல் பக்கம் போனார்கள். நான் அவள் கையைப் பிடித்து, அரங்கின் பின்னாலிருந்த படிக்கட்டுக்கு அழைத்துப் போனேன். அங்கே கிழிந்த வலைகளும் காற்றுப் போன பந்துகளும் குவிந்திருந்தன.

"என்னடி, என்னைக் கடத்திட்டுப் போறே. பிஸ்கட் தீர்ந்துடும்."

"ஐஞ்சு தாள்ல 0.5426 இருக்கு."

அவள் டீ டம்ளரை வாயருகே கொண்டுபோனவள் அப்படியே ஊதினாள். ஆறிப்போன டீ அது.

"எது?"

"உனக்குத் தெரியும்."

"தெரியாம கேட்கிறேன், எது?"

"என் முதல் படியில இருந்த தப்பு. நீ டிக் போட்ட வரி."

"ஓ." ஒரு வாய் குடித்தாள். "பசங்க தப்புப் பண்றது அதிசயமா? நீ பண்ணினதை இன்னொருத்தன் பண்ணக்கூடாதா? காப்புரிமை வாங்கியிருக்கியா?"

"ஒருத்தன் பண்ணலாம். ஐஞ்சு பேரா? என் வாக்கியத்தோட?"

"காப்பி அடிச்சிருப்பானுங்க."

"ஒருத்தனைப் பார்த்து ஒருத்தன் அடிச்சிருக்கலாம். முதல் ஆளு யாரைப் பார்த்து அடிச்சான்?"

அவள் ஒரு பந்தைக் காலால் நெம்பினாள். காற்றில்லாததால் அது உருளாமல் இன்னொரு பக்கமாக மடிந்து கிடந்தது.

"நான் அதைக் கவனிக்கல, போதுமா?" என்றாள். "நானும் மனுஷிதானே. ரெண்டு இலக்கம் மாறினது கண்ணுக்குத் தப்பிடுச்சு. உடனே என்னைத் திருடி ஆக்கிடுவியா? எத்தனை வருஷமாடி என்னைத் தெரியும் உனக்கு?"

"மூணாவது வரியில கழித்தல் குறி இருந்துச்சு."

"அதனால?"

அதனால் என்ன என்பது அவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். எனக்குச் சொல்லிக்கொடுத்ததே அவள்தான். முதுகலைத் தேர்வுக்கு முந்தின வாரம், விடுதி மாடியில், வரைபடம் போட்டுக் காட்டினாள். இந்த மாதிரி மேல்நோக்கி வளைந்து ஏறும் கோட்டில், மூலத்துக்கு வலதுபுறம் தொடங்கினால் தொடுகோடு எப்போதும் மூலத்துக்கு வலதுபுறத்தில்தான் தரையைத் தொடும். x மதிப்புகள் வலதுபுறமாகவே இறங்கிக்கொண்டு வரும், தாண்டிப் போகாது. ஆகவே சார்பின் மதிப்புப் பத்தியில் எல்லாம் நேர்மம். கடைசியில் பூச்சியத்தை ஒட்டி, முழுமையாக்கலால் வேண்டுமானால் ஒரு மயிரிழை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆகலாம். "நடுவுல கழித்தல் குறி வந்தா கண்ணை மூடிட்டுச் சொல்லு, முந்தின வரியில ஓட்டை" என்றாள். கால்குலேட்டரே வேண்டாம். தூரத்திலிருந்து பார்த்தாலே போதும்.

என் படியின் மூன்றாம் வரியில் −0.0818 என்று இருந்தது. அவசரத்தில் நான் பார்க்கவில்லை. இரண்டு நாள் வைத்திருந்த தராசு பார்க்காமல் இருக்க முடியாது.

"நீயா கொடுத்தே? யாருக்கு?" என்று கேட்டேன்.

"யாருக்கும் கொடுக்கல."

"தம்பிக்கா?"

"அவன்தான் போன தடவையே இதுல பாஸாயிட்டானே! சாக்லேட் தின்னியே, மறந்துடுச்சா?"

மறக்கவில்லை. அவள் தம்பி வேறொரு கல்லூரியில் படிக்கிறான். இந்தத் தாளில் இரண்டு முறை தோற்றவன். எதையும் புரிந்துகொள்ள மாட்டான், மனப்பாடம் செய்வான். "கூட்டலைக்கூட மனப்பாடம் பண்ணுவான், கழித்தலுக்கு அதைத் தலைகீழா ஒப்பிப்பான்" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். வினாத்தாள் கடிதம் வந்த வாரத்தில்தான் அவன் தேறிவிட்டான் என்று ஒரு டப்பா சாக்லேட் வாங்கிவந்து விடுதி முழுவதும் கொடுத்தாள். நான் இரண்டு எடுத்துக்கொண்டேன்.

"பூனை" என்று என் தோளில் கை வைத்தாள். குரல் இறங்கியிருந்தது. "விட்டுடு. மார்க்கைப் போடு, கட்டைக் கட்டு, ஒப்படை. யாருக்கும் தெரியாது. நீ வாயைத் திறந்தா முதல்ல உன்னைத்தான் கேட்பாங்க. புரியுதா? தாளை அமைச்சவ நீ. தப்பு உன்னுது. எழுத்து உன்னுது."

அந்தக் கையை நான் தட்டிவிடவில்லை. அது எவ்வளவு நேரம் என் தோளில் இருந்தது என்று தெரியவில்லை. மணி அடித்தது. அவள் முன்னால் போனாள்.

பிற்பகலில் மீதி இருபது தாள்கள். அவற்றில் 0.5426 இல்லை. மூன்று மணிக்குத் தலைமைத் தேர்வாளர் வந்தார். பத்துக்கு ஒன்று என்று ஒவ்வொரு கட்டிலிருந்தும் உருவி மறுபடி பார்ப்பது அவர் வேலை. பருத்த மனிதர், மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு அதையே தேடுவார். என் கட்டிலிருந்து நான்கு தாள்களை உருவினார். நின்றபடியே பார்த்தார். பிறகு உட்கார்ந்து பார்த்தார்.

"என்னம்மா இது, ரெண்டு பேர் ஒரே வாழைப்பழத் தோல்ல வழுக்கி விழுந்திருக்காங்க?"

நான் எழுந்து நின்றேன்.

"இந்த மாதிரி வேற இருக்கா?"

ஐந்தையும் எடுத்து வைத்தேன். அவர் ஐந்தையும் விசிறிபோல விரித்தார். ஐந்திலும் என் சிவப்பு அடிக்கோடு ஒரே உயரத்தில் நின்றது.

"எட்டிப் பாருய்யா" என்று கடைசி வரிக்காரரைக் கூப்பிட்டார். "உன்கிட்ட வந்திருந்தா என்ன பண்ணியிருப்பே?"

"விடை சரியா இருக்கே சார். எட்டு போட்டிருப்பேன்."

"போட்டிருப்பே, போட்டிருப்பே." அவர் சிரிக்கவில்லை. "இது அப்பட்டமான காப்பி. ஒருத்தன் இலக்கத்தை மாத்தி எழுதியிருக்கான், மத்த நாலு பேர் அப்படியே ஈ அடிச்சான் காப்பி. அதுவும் பக்கத்துப் பக்கத்துல இல்ல, ஹால்ல அங்கங்க உட்கார்ந்திருக்கானுங்க. கண்காணிப்பாளர் தூங்கியிருக்கணும், இல்லேன்னா காசு வாங்கியிருக்கணும். ஹால் முழுக்க நிறுத்தி வை."

"முழுக்கவா சார்?" என்று கேட்டேன்.

"நாப்பதும். ஐஞ்சு பேருக்கும் மூணு பருவம் தடை. மத்தவங்களுக்கு முடிவை நிறுத்திவெச்சு விசாரணை. அது முடிய ஒரு வருஷம் ஆகும். என்ன பண்றது, அவங்க தலையெழுத்து. திருத்தினவங்க அறிக்கை எழுதணும். எழுதிக் கையெழுத்துப் போடு."

ஓர் அச்சடித்த படிவத்தை என் முன்னால் வைத்தார். தேர்வறையில் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியதாகச் சந்தேகிக்கிறேன் என்று அதில் முன்பே அச்சாகியிருந்தது. கீழே என் பெயருக்கு ஒரு கோடு.

மேசைமேல் ஒன்பதாவது தாள் மேலாக இருந்தது. 2.7465-இல் எதிர்மம், 2.7475-இல் நேர்மம். இந்தக் கையும் ஒரு வருடம் சும்மா இருக்கும். வேலைக்கோ மேற்படிப்போ எதற்கு விண்ணப்பித்திருக்கிறதோ, அது போய்விடும். தன் அறையில் யாரோ காப்பி அடித்ததாகக் கடைசிவரை நம்பிக்கொண்டிருக்கும்.

கையெழுத்துப் போட்டால் எனக்கு ஒன்றும் ஆகாது. போடாமல் உண்மையைச் சொன்னால், பழைய படி இப்போது இல்லை. அதை நானே கூழாக்கிவிட்டேன். அதில் 0.5426 இருந்தது என்பதற்கு என் வாய்ச்சொல் மட்டும்தான். அதில் இருந்தது என்று ஒத்துக்கொண்டாலும், வெளியே போனது யார் கையால் என்பதற்கு ஒரு சாட்சியும் கிடையாது. தராசு தெரியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். தாளை அமைத்தவளே கசியவிட்டாள் என்றுதான் ஆகும். ஒப்பந்த வேலை. ஒரு தொலைபேசி அழைப்பில் முடிந்துவிடும்.

நான் தராசைப் பார்த்தேன். அவள் எழுந்துவருவாள் என்று நினைத்தேன். உண்மையாகவே நினைத்தேன். நாற்பது பேர் என்று அவர் சொன்னது அவள் காதில் விழுந்திருக்கிறது, அவள் பேனா நின்றுவிட்டது. அவள் என்னைப் பார்த்தாள். பிறகு அடுத்த தாளை எடுத்துத் திருத்த ஆரம்பித்தாள்.

அந்தப் படிக்கட்டில்கூட எனக்கு இவ்வளவு வலிக்கவில்லை.

"பேனா இல்லையா?" என்றார் தலைமைத் தேர்வாளர்.

"காப்பி இல்ல சார்."

"என்னது?"

"ஹால்ல யாரும் யாரையும் பார்த்து எழுதல. பரீட்சைக்கு முன்னாடியே அவங்ககிட்ட இந்த அட்டவணை இருந்திருக்கு. அஞ்சு பேரும் மனப்பாடம் பண்ணி எழுதியிருக்காங்க."

கண்ணாடி நெற்றியிலிருந்து மூக்குக்கு இறங்கியது.

"எதை வெச்சுச் சொல்றே?"

"பார்த்து எழுதினா முதல்ல எழுதினவன் ஒருத்தன் கணக்குப் போட்டிருக்கணும் சார். கணக்குப் போட்டிருந்தா ஓரத்துல அடிச்சுத் திருத்தினது ஏதாவது இருக்கும். அஞ்சுலயும் ஒண்ணும் இல்ல, சுத்தமா இருக்கு. அப்புறம் இதைப் பாருங்க." தொடராது என்று எழுதியிருந்த தாளை எடுத்தேன். "இந்தப் பையன் கடைசி வரியில 2.7473-க்குப் பதிலா 2.7437-ன்னு எழுதிட்டான். ஆனா பக்கத்துல வித்தியாசம் 0.0001-ன்னே போட்டிருக்கான். அவன் எழுதினதைக் கழிச்சுப் பார்த்திருந்தா 0.0037 வரும், நிறுத்தவே கூடாது. கழிச்சுப் பார்க்கல. நிறுத்துன்னு மனப்பாடத்துல இருந்துச்சு, நிறுத்திட்டான்."

அவர் அதை வாங்கி, விரலால் வரியைத் தடவிப் பார்த்தார். கடைசி வரிக்காரரும் எட்டிப் பார்த்தார்.

"அட, ஆமா" என்றார் கடைசி வரிக்காரர். வாழ்க்கையில் முதல் தடவையாக இரண்டு வரி படித்திருப்பார்.

"சரி. முன்னாடியே இருந்துச்சுன்னே வெச்சுப்போம். எங்கிருந்து வந்துச்சு?"

"என்கிட்ட இருந்து."

சுற்றியிருந்த மேசைகளில் பேனாச் சத்தம் நின்றது. மேலே விசிறிகள் மட்டும் ஓடின.

"தாளை அமைச்சது நான்தான் சார். இதைச் சொல்லக்கூடாதுன்னு தெரியும். என் முதல் படியில இந்தத் தப்பு இருந்துச்சு. இந்த வாக்கியமும் இருந்துச்சு. ஒப்படைக்கிறதுக்கு முன்னாடி நானே திருத்திட்டேன். அதனாலதான் உங்க விடைக்குறிப்புல இல்ல. முதல் படியைப் பார்த்தது ஒரே ஒருத்தங்கதான்."

"சரிபார்த்தவங்க."

"ஆமா சார்."

"யாரு?"

நான் சொல்லவில்லை. விதி என்பதால் இல்லை. அவளாகச் சொல்ல வேண்டும் என்று இருந்தது.

"பாரும்மா" என்றார் அவர். மெதுவாகத்தான் பேசினார், அதுதான் பயமாக இருந்தது. "உறையை உடைச்சா பேர் தெரிஞ்சிடும். அது பெரிய விஷயம் இல்ல. அந்த ஆளு, 'நான் பார்த்தப்ப எல்லாம் சரியா இருந்துச்சு, டிக் போட்டேன்'னு சொன்னா? உன் கதி என்ன? அந்தப் படியை வெச்சிருக்கியா?"

"கிழிச்சுட்டேன்."

"அப்ப உன் வேலை போச்சு. அது தெரிஞ்சுதான் பேசுறியா?"

"தெரியும் சார்."

நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. திரும்பாமலே எனக்கு யாரென்று தெரிந்தது. அந்த நடையோடு ஐந்து வருடம் இருந்திருக்கிறேன். அவள் மேசைக்கு மறுபுறம் வந்து நின்றாள். கையில் சிவப்புப் பேனா மூடாமல் இருந்தது. விரல் முழுக்கச் சிவப்பு.

"சரிபார்த்தது நான்தான்" என்றாள்.

தலைமைத் தேர்வாளர் அவளை மேலும் கீழும் பார்த்தார். "நீயா? உன்கிட்டயா ஒரு தப்புத் தப்பிச்சுது? உன் கட்டை நான் மறுபடி பார்க்கிறதே இல்லையேம்மா."

"கவனிக்காம விட்டுட்டேன் சார்" என்றாள் அவள்.

படிக்கட்டில் சொன்ன அதே வாக்கியம். அந்த இடத்தில் நின்றுகொண்டு, அத்தனை பேர் முன்னால், என் முகத்துக்கு நேராக. கவனக்குறைவுக்கு ஒரு கண்டிப்புக் கடிதம் வரும். கசிவுக்கு வேலை போகும். தராசு எப்போதும் சரியாக எடை போடுவாள்.

எனக்கு அழுகை வரவில்லை. தாள்களைப் பற்றி, நாற்பது பேரைப் பற்றிக் கேட்க வேண்டும் என்று தெரியும். ஆனால் காலையிலிருந்து என்னைக் குடைந்தது வேறு ஒன்று. கொடுத்தாளா என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. என் தவறைப் பார்த்துக்கொண்டே, எனக்கு எதிரே உட்கார்ந்து, சரி என்று டிக் போட்டாளா? அதை அப்படியே ஒப்படைக்க என்னை அனுப்பினாளா?

ஏழாவது தாளை அவள் பக்கம் திருப்பி வைத்தேன். மூன்றாம் வரியில், −0.0818-க்கு முன்னால் இருந்த கழித்தல் குறியின்மேல் விரலை வைத்தேன்.

"இதைப் பார்த்தியா?" என்று கேட்டேன். "வேற எதுவும் வேண்டாம். இதை மட்டும் சொல்லு. பார்த்தியா, இல்லையா?"

அவள் அந்தக் குறியைப் பார்த்தாள். உதட்டைக் கடித்தாள். கணக்கு அவளைப் பொய் சொல்ல விடவில்லையோ, அல்லது எனக்கு அது தெரியும் என்பதுதான் விடவில்லையோ. என்னைப் பார்க்காமல், அந்தச் சின்னக் கோட்டிடமே சொன்னாள்.

"பார்த்தேன். மறுநாள் காலையிலயே பார்த்தேன். ஆனா அதுக்குள்ள அவன் மனப்பாடம் பண்ணி முடிச்சிட்டான்டி. மாத்தினா குழம்பிடுவான், அதான் உன் படியும் அப்படியே போகட்டும்னு டிக் போட்டேன். என் தம்பி பாஸாகவே இல்ல."